வெளிநாட்டு முதுநிலைப் படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம்: புராஜெக்ட் கைடாக இருந்தவர் எழுதும் முறை

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் கடைசி வருட மாணவர்களும், போன வருடம் படிப்பை முடித்து வேலைக்குப் போனவர்களும் என் அறைக்கு வர ஆரம்பிப்பார்கள். "சார், எம்எஸ் அப்ளை பண்றேன், ஒரு எல்ஓஆர் வேணும்." நான் ஒரு பொறியியல் கல்லூரியின் மெக்கானிக்கல் துறையில் 11 வருடமாக இறுதியாண்டு புராஜெக்ட்டுகளுக்கு கைடாக இருக்கிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மூன்று கடிதம் கேட்கும், பிரிட்டனில் வழக்கமாக இரண்டு. ஜெர்மனியில் பல படிப்புகளுக்குக் கடிதமே கேட்பதில்லை. இந்த மூன்றில் ஒன்றை எச்ஓடி எழுதுவார், ஒன்றைப் பாடம் நடத்தியவர் எழுதுவார். புராஜெக்ட் கைடு எழுதும் கடிதம் இந்த இரண்டிலிருந்தும் வேறுபட்டது. மாணவர் தனியாக ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, விடை தெரியாத இடத்தில் நின்று என்ன செய்தார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அதனால் இங்கே அந்த ஒரு கடிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சக ஆசிரியர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். கடிதம் கேட்கப் போகும் மாணவர்களும் படித்தால், ஆசிரியரிடம் எதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது புரியும்.

சரி என்று சொல்வதற்கு முன்

நம் ஊரில் நெடுநாளாக ஒரு பழக்கம் இருக்கிறது. மாணவரே கடிதத்தை எழுதிக் கொண்டுவருவார், ஆசிரியர் லெட்டர்ஹெட்டில் அச்சடித்துக் கையெழுத்துப் போடுவார். ஆரம்ப வருடங்களில் நானும் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வருடம், ஒரே பேட்ச்சைச் சேர்ந்த இரண்டு பேர் ஒரே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார்கள். இருவரும் ஒரே கன்சல்டன்சியிடம் வாங்கிய மாதிரியை வைத்துக் கடிதம் தயாரித்திருந்தார்கள். இரண்டாவது பத்தி அப்படியே வரிக்கு வரி ஒன்று. கீழே என் கையெழுத்து. இந்த இரண்டையும் நீங்கள்தான் எழுதினீர்களா என்று கேட்டு அங்கிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. இரண்டு பேருக்கும் அங்கே இடம் கிடைக்கவில்லை. அதற்குக் கடிதம்தான் காரணமா என்று எனக்குத் தெரிய வழியில்லை. ஆனால் அதில் ஒருவன் உண்மையிலேயே கெட்டிக்காரன். அவனைப் பற்றி எனக்குத் தெரிந்த நல்ல விஷயம் ஒன்றுகூட அந்தக் கடிதத்தில் இல்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். யாராவது வந்து கேட்டால் உடனே சரி என்று சொல்வதில்லை. "நாளைக்கு வாம்மா, சொல்றேன்" என்று அனுப்பிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் அந்த மாணவரைப் பற்றி நானே நேரில் பார்த்த இரண்டு சம்பவங்களை எழுதப் பார்ப்பேன். மதிப்பெண், வருகைப்பதிவு, நல்ல பிள்ளை என்ற பெயர் இதெல்லாம் சம்பவம் ஆகாது. ஒரு நாள், ஒரு பிரச்சினை, அவர் எடுத்த ஒரு முடிவு, இது இருந்தால்தான் சம்பவம். இரண்டு கிடைத்தால் ஒப்புக்கொள்வேன். ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை என்றால், "என்னால பலமா எழுத முடியாதுப்பா, உன்னை நல்லாத் தெரிஞ்ச வேற ஆள்கிட்ட கேளு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அந்த நேரத்துக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் வெறும் மூன்று வரிப் பாராட்டோடு போகும் கடிதம், "இந்த ஆசிரியருக்கு இவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை" என்றுதான் படிப்பவருக்குச் சொல்லும்.

மாணவரிடம் வாங்கி வைக்க வேண்டியவை

இது சீக்கிரம் முடிகிற வேலை. கடைசித் தேதிக்கு ஐந்தாறு வாரம் முன்பாகவே வாங்கிவிடுங்கள். விண்ணப்பிக்கும் படிப்புகளின் பெயர், கடைசித் தேதி, இணைப்பு எந்த மின்னஞ்சலுக்கு வரும் என்ற விவரம் எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். ரெஸ்யூமே, எஸ்ஓபியின் வரைவு, மதிப்பெண் பட்டியல், புராஜெக்ட் ரிப்போர்ட் ஆகியவற்றையும் கேளுங்கள். எஸ்ஓபியைப் படிப்பது, அதில் இருப்பதையே திரும்ப எழுதாமல் இருப்பதற்காக. அவர் அங்கே புராஜெக்ட்டின் முடிவைச் சொல்லியிருந்தால், நீங்கள் அந்த முடிவுக்கு அவர் வந்த வழியைச் சொல்லலாம். இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்.

அதோடு கடிதத்துக்கான வரைவு எதையும் என்னிடம் தரக்கூடாது என்று சொல்லிவிடுவேன். அதற்குப் பதிலாக, "இந்த புராஜெக்ட்ல நீ தப்பா நினைச்சுட்டு அப்புறம் மாத்திக்கிட்டது என்ன? அரைப் பக்கம் எழுதிக் கொண்டா" என்பேன். அந்த அரைப் பக்கத்தில் கிடைக்கும் சரக்கு எந்த ரெஸ்யூமேயிலும் இருக்காது.

பழைய நோட்டைப் புரட்டுவது

ஜீரோத் ரிவ்யூவில் தொடங்கி மூன்று ரிவ்யூ, கடைசியில் வைவா என்று புராஜெக்ட் நகரும். ஒவ்வொரு வாரமும் குழு என்னைப் பார்க்க வரும்போது தேதி போட்டு நாலு வரி எழுதி வைப்பேன். யார் பேசினார், என்ன கேட்டார், என்ன காட்டினார் என்று அவ்வளவுதான். கடிதத்தில் எனக்கு உதவுவது இந்த நோட்டுதான், ரிப்போர்ட் இல்லை. ரிப்போர்ட்டில் எல்லாமே முதலிலிருந்தே திட்டமிட்டு நடந்தது போல இருக்கும். தடுமாறிய இடங்கள் நோட்டில்தான் இருக்கும்.

ஓர் உதாரணத்தை முழுக்கவே எடுத்துக்கொள்வோம். இயந்திரங்களின் பழுதறிதலில் முதுநிலை படிக்க ஒரு மாணவி விண்ணப்பித்தார். நான்கு பேர் குழு. மோட்டாரின் அதிர்வை அளந்து, பேரிங் கெட்டுப்போகிறதா என்று கண்டுபிடிப்பதுதான் புராஜெக்ட். 2 ஹெச்பி இண்டக்‌ஷன் மோட்டார், 6205 என்ற எண் கொண்ட பால் பேரிங்குகள் 12. அதில் நான்கு நல்லவை, நான்கில் வெளி வளையத்தில் வேண்டுமென்றே சின்னதாகப் பள்ளம் போட்டிருந்தார்கள், மீதி நான்கில் உள் வளையத்தில் பள்ளம். ஒவ்வொன்றையும் மாட்டி, ஓட்டி, அதிர்வைப் பதிவு செய்து, பதிவைத் துண்டு துண்டாக வெட்டி, எந்தத் துண்டு எந்த வகை என்று கணினியைப் பழக்கினார்கள்.

இரண்டாவது ரிவ்யூவில் 99 சதவீதம் சரியாகச் சொல்கிறது என்று காட்டினார்கள். ரிவ்யூ பேனலில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கும்தான். மூன்று நாள் கழித்து அந்த மாணவி தனியாக வந்தார். என் நோட்டில் அன்றைய தேதியில் இருப்பது இது: "99 சரியில்லை என்கிறாள். ஒரே பதிவிலிருந்து வெட்டிய துண்டுகள் பயிற்சியிலும் இருக்கின்றன, சோதனையிலும் இருக்கின்றன. பேரிங்கைக் கழற்றி மாட்டினால் தப்பாகச் சொல்கிறது."

அவர் சொன்னது சரி. ஒரு பேரிங்கின் பத்து விநாடிப் பதிவை நூறு துண்டாக்கிக் குலுக்கிப்போட்டு, எண்பதைப் பயிற்சிக்கும் இருபதைச் சோதனைக்கும் எடுத்தால், கணினி கற்றுக்கொள்வது பழுதின் அடையாளத்தை இல்லை. அந்தப் பேரிங்கை அன்றைக்கு மாட்டிய விதத்தின் அடையாளத்தை அது மனப்பாடம் செய்துவிடுகிறது. தேர்வுக்கு முன்னால் வினாத்தாளைப் பார்த்துவிட்டுப் போவது மாதிரி. இந்தத் துறையில் வெளிவந்த கட்டுரைகளில்கூட இந்தத் தவறு உண்டு.

அடுத்த மூன்று வாரத்தில் அவர் பிரிப்பு முறையையே மாற்றினார். வகைக்கு ஒரு பேரிங்கை முழுசாக ஒதுக்கி வைத்து, கணினி கண்ணால்கூடப் பார்த்திராத பேரிங்கில் மட்டுமே சோதனை. 99 என்பது 71 ஆக விழுந்தது. குழுவில் மற்றவர்களுக்கு வருத்தம், மூன்றாவது ரிவ்யூ பத்து நாளில். அப்புறம் அவர் அடிப்படைக்குப் போனார். மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று, அதாவது விநாடிக்கு 24. 6205 பேரிங்கின் வெளி வளையத்தில் பள்ளம் இருந்தால், அதன் மேல் குண்டுகள் உருண்டு போகும்போது ஒரு சுற்றுக்குச் சுமார் 3.585 தட்டு விழும். 24-ஐ அதனால் பெருக்கினால் விநாடிக்கு 86 தட்டு. உள் வளையம் என்றால் 5.415, அதாவது 130. பேரிங்கின் வடிவக் கணக்கிலிருந்து வரும் எண்கள் இவை, எந்தக் கையேட்டிலும் கிடைக்கும். கண்மூடித்தனமாக எல்லா அதிர்வையும் கணினிக்கு ஊட்டாமல், இந்த அதிர்வெண்களைச் சுற்றி இருக்கும் வலிமையை மட்டும் எடுத்துக் கொடுத்தார். 71 என்பது 83 ஆனது. வைவாவில் 83-ஐயே காட்டினார். 99 ஏன் பொய் என்பதற்கு ஒரு ஸ்லைடு வைத்தார்.

இதில் கடிதத்துக்குரியது எது? 83 இல்லை. பாராட்டு கிடைத்த ஓர் எண்ணை, யாரும் கேட்காதபோது, தானே சந்தேகப்பட்டு உடைத்தாரே, அதுதான். ஆராய்ச்சிக்கு ஆள் தேடும் பேராசிரியர் இதைப் படித்தால் நிமிர்ந்து உட்காருவார். இப்படி ஒரே ஒரு திருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு புராஜெக்ட்டில் பத்து விஷயம் நடந்திருக்கும். பத்தையும் சொன்னால் எதுவும் நிற்காது.

இவ்வளவு பெரிய திருப்பம் எல்லா மாணவரிடமும் இருக்காது. தேவையும் இல்லை. சென்சாரின் அளவீடு தினமும் மதியத்துக்கு மேல் விலகுவதைப் பார்த்து அறையின் வெப்பநிலையையும் குறித்து வைக்க ஆரம்பித்த ஒருவனைப் பற்றி எழுதியிருக்கிறேன். அதுவே போதுமானதாக இருந்தது.

குழுவிலிருந்து ஒருவரைப் பிரித்துக் காட்டுவது

இங்கேதான் நம் கடிதங்கள் அதிகமாகச் சறுக்குகின்றன. நான்கு பேர் செய்த வேலையை ஒருவர் பேரில் எழுதிவிடுகிறோம். அதே குழுவிலிருந்து இன்னொருவரும் விண்ணப்பித்தால், அவர் கடிதத்திலும் அதே வேலை அவர் பேரில் இருக்கும். பார்ப்பவர்களுக்கு இது சுலபமாகத் தெரிந்துவிடும்.

நான் செய்வது இது. புராஜெக்ட்டை வேலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே பெயர் எழுதுவேன். மேலே சொன்ன புராஜெக்ட்டில் மோட்டாரையும் பேரிங் தாங்கியையும் பொருத்தி ரிக்கைக் கட்டியது இரண்டு மாணவர்கள். சென்சாரும் பதிவுக் கருவியும் மூன்றாமவர் பொறுப்பு. பதிவெடுக்கும்போது நான்கு பேரும் மாறி மாறி உட்கார்ந்தார்கள். பகுப்பாய்வும் நிரலும் இந்த மாணவியுடையது. கடிதத்தில் இதை ஒளிவுமறைவில்லாமல் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுவேன். அவர் செய்யாததைச் சொன்ன பிறகு, அவர் செய்ததாகச் சொல்வதற்குப் பலம் கூடுகிறது.

சந்தேகம் இருந்தால் மற்ற மூவரில் ஒருவரிடம் போனில் கேட்டுவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. ஒரு தடவை நான் ஒருவன் எழுதியதாக நினைத்துக்கொண்டிருந்த நிரலை உண்மையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அமைதியான பையன் எழுதியிருந்தான் என்று அப்படிக் கேட்டபோதுதான் தெரிந்தது. ரிவ்யூவில் நன்றாகப் பேசுபவர் வேறு, வேலை செய்தவர் வேறு என்பது நடக்கும்.

புராஜெக்ட் பத்தியை எழுதுவது

கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். இங்கே விஷயம் புரிவதற்காகத் தமிழில் தருகிறேன். வழக்கமாக நாம் எழுதுவது இப்படி இருக்கும்:

> "இவர் பேரிங் பழுதறிதல் குறித்த புராஜெக்ட்டை மிகச் சிறப்பாகச் செய்து முடித்தார். இயந்திரக் கற்றலில் ஆழ்ந்த அறிவு உடையவர். கடின உழைப்பாளி. குழுவாகச் செயல்படும் திறன் மிக்கவர்."

இதில் பேரிங் என்ற சொல்லை எடுத்துவிட்டு பாலம் என்று போட்டால் சிவில் மாணவருக்கும் பொருந்தும். எழுதி முடித்ததும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். பெயரையும் தலைப்பையும் மாற்றினாலும் பத்தி நிற்கிறது என்றால் அதில் அந்த மாணவர் இல்லை.

அடுத்த வகை இதற்கு நேர் எதிர். கருவிகளின் மாடல் எண், நிரல் நூலகங்களின் பெயர், வடிகட்டியின் அளவுகள் என்று ரிப்போர்ட்டையே சுருக்கி எழுதுவது. படித்தால் புராஜெக்ட் தெரியும், மாணவர் தெரியமாட்டார். கடிதத்தை முதலில் படிப்பவர் உங்கள் துறைக்காரராக இருப்பார் என்ற உறுதியும் கிடையாது.

நான் அந்த மாணவிக்கு எழுதியதன் சாரம் இது:

> "நான்கு பேர் கொண்ட குழுவில் அதிர்வுப் பதிவுகளைப் பகுப்பாய்வு செய்யும் பொறுப்பு இவருடையது. சோதனை அமைப்பைக் கட்டியவர்கள் சக மாணவர்கள். இடைக்கால மதிப்பீட்டில் இவர்களது முறை 99 சதவீதம் சரியான விடை தந்தது. நான் உட்பட மதிப்பீட்டாளர்கள் யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை. மூன்று நாள் கழித்து இவர் என்னிடம் வந்து, ஒரே பதிவின் துண்டுகள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்திருப்பதால் அந்த எண் நம்பத்தக்கதல்ல என்றார். பேரிங்கைக் கழற்றி மீண்டும் மாட்டி எடுத்த பதிவில் முறை தோற்றுப்போனதை ஆதாரமாகக் காட்டினார். பிறகு, பயிற்சியில் இடம்பெறாத பேரிங்குகளில் மட்டும் சோதிக்கும்படி ஆய்வை மாற்றி அமைத்தார். விடை 71 சதவீதமாகக் குறைந்தது. பழுதின் இயற்பியலிலிருந்து கணக்கிட்ட அதிர்வெண்களைப் பயன்படுத்தி அதை 83-க்கு உயர்த்தினார். இறுதித் தேர்வில் 83-ஐயே தன் முடிவாக முன்வைத்து, முந்தைய எண் ஏன் தவறு என்பதையும் விளக்கினார். பன்னிரண்டு பேரிங்குகள் மட்டுமே கொண்ட ஆய்வு என்பதால் இதன் எல்லை சிறியது என்று அவரே தன் அறிக்கையில் எழுதியிருக்கிறார்."

இதில் பாராட்டுச் சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். நேர்மையானவர், ஆழமாக யோசிப்பவர் என்று நான் சொல்லவில்லை. படிப்பவரே அந்த முடிவுக்கு வரட்டும். எண்கள் நான்கைந்துதான், ஒவ்வொன்றும் கதையை நகர்த்துகிறது. "நான் உட்பட யாரும் கேட்கவில்லை" என்று எழுதக் கொஞ்சம் யோசித்தேன். ஆனால் அந்த வரி இல்லாவிட்டால் அவர் செய்ததன் அருமை தெரியாது.

இந்தப் பத்திக்கு அப்புறம், இரண்டாவது சம்பவத்தைச் சின்னதாக ஒரு பத்தியில் வையுங்கள். அது வேறொரு குணத்தைக் காட்டட்டும். இந்த மாணவிக்கு, தன் நிரலை ஜூனியர் குழு பயன்படுத்தும்படி விளக்கக் குறிப்பு எழுதிவைத்துவிட்டுப் போனதை எழுதினேன். அடுத்த வருடக் குழு உண்மையில் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

பெண் மாணவிகளுக்கு எழுதும்போது ஒன்றைக் கூடுதலாகப் பார்க்கிறேன். அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஆசிரியர் பணிக்கு வந்த 300-க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்து 2003-ல் ஒரு கட்டுரை வெளியானது. பெண்களுக்கான கடிதங்கள் சராசரியில் குட்டையாக இருந்தன, ஆராய்ச்சியைவிடக் கற்பித்தலையும் உழைப்பையும் அதிகம் பேசின. நம் கடிதங்களில் இது "அடக்கமானவர், பணிவானவர், சொன்னதைச் செய்பவர்" என்று வரும். ஆய்வுப் படிப்புக்கு ஆள் எடுப்பவரிடம் இது எடுபடாது. பையனுக்கு "சுயமாகச் சிந்திப்பவர்" என்று எழுதும் அதே இடத்தில் பெண்ணுக்கு "சின்சியர்" என்று எழுதியிருக்கிறேனா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன்.

ஒப்பிட்டுச் சொல்வது

"நான் பார்த்ததிலேயே சிறந்த மாணவர்" என்ற வரிக்கு, எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்று தெரியாவிட்டால் மதிப்பில்லை. நான் இப்படி எழுதுவேன்: "11 ஆண்டுகளில் 28 குழுக்களுக்கு, ஏறக்குறைய 110 மாணவர்களுக்கு வழிகாட்டியிருக்கிறேன். சுயமாக ஆய்வு செய்யும் திறனில் இவரை முதல் ஐந்து பேரில் வைப்பேன்." எந்தக் கூட்டத்தில், எந்தத் திறனில், எந்த இடம் என்ற மூன்றும் அதில் வந்துவிடுகிறது. திறனைக் குறுக்கிச் சொன்னால் உண்மையாகவும் சொல்லலாம். எல்லாவற்றிலும் முதல் என்று யாரையும் சொல்ல முடியாது.

இணையப் படிவத்தில் இதே கேள்வி கட்டங்களாக வரும். மேல் 1 சதவீதம், 5 சதவீதம், 10 சதவீதம், 25 சதவீதம் என்று இருக்கும். நாம் பாசத்தில் எல்லாவற்றுக்கும் முதல் கட்டத்தைத் தட்டிவிடுகிறோம். கணக்குப் பார்த்தால் 110 பேரில் 1 சதவீதம் என்பது ஒரே ஒருவர். போன வருடமும் அந்த ஒருவரை அனுப்பியிருந்தால் இந்த வருடம் இடம் இல்லை. கடிதத்தில் முதல் ஐந்து பேரில் ஒருவர் என்று சொல்லிவிட்டுக் கட்டத்தில் 1 சதவீதம் போட்டால் இரண்டும் முட்டும். பகுப்பாய்வுத் திறனுக்கு 5, எழுத்துத் திறனுக்கு 10, பேச்சுக்கு 25 என்று பரவலாக இருக்கும் படிவம்தான் யோசித்து நிரப்பியது போல இருக்கும். "கவனிக்க வாய்ப்பில்லை" என்ற கட்டமும் இருக்கும். கவனிக்காததற்கு அதைத் தாராளமாகப் போடலாம்.

குறையைக் கேட்டால்

சில படிவங்களில் மாணவரின் பலவீனம் என்ன என்றே ஒரு பெட்டி இருக்கும். "அளவுக்கு மீறி உழைப்பார்" என்று எழுதுவது யாரையும் ஏமாற்றாது. உண்மையான ஒன்றை, அவர் அதைச் சரிசெய்ய முயன்றதோடு சேர்த்து எழுதுங்கள். மேலே சொன்ன மாணவிக்கு நான் எழுதியது: ஆரம்பத்தில் தன் சந்தேகங்களைக் குழுவிடம் சொல்லாமல் தனியாகவே சுமந்துகொண்டார், அதனால் மற்றவர்களுக்கு 71 என்ற எண் திடீர் அதிர்ச்சியாக வந்தது, அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை நால்வரும் சேர்ந்து உட்காரும் வழக்கத்தை அவரே கொண்டுவந்தார். நடந்ததுதான், படிப்பவருக்கும் நம்பத் தோன்றும். படிவம் கேட்காவிட்டால் குறையை வலிந்து எழுத வேண்டாம்.

அரியர், உடல்நலம், வீட்டுச் சூழல் போன்றவை வேறு கதை. மூன்றாம் செமஸ்டரில் மதிப்பெண் ஏன் சரிந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், அதைச் சொன்னால் உதவவும் செய்யலாம். ஆனால் மாணவரைக் கேட்காமல் ஒரு வார்த்தைகூட எழுதக்கூடாது.

மீதிப் பத்திகள்

முதல் பத்தி மூன்று வாக்கியம் போதும். நீங்கள் யார், மாணவரை எப்போதிலிருந்து, எந்த முறையில் தெரியும், எந்தப் படிப்புக்காகப் பரிந்துரைக்கிறீர்கள். கல்லூரியின் வரலாறும் தரவரிசையும் வேண்டாம். சிஜிபிஏவும் வேண்டாம், அது மதிப்பெண் பட்டியலில் இருக்கிறது. கடைசிப் பத்தியில் அந்தப் படிப்போடு மாணவரின் வேலையை ஒரு வாக்கியத்தில் இணைத்து, எவ்வளவு உறுதியாகப் பரிந்துரைக்கிறீர்கள் என்று நேராகச் சொல்லி முடியுங்கள். மொத்தம் ஒன்றரைப் பக்கம். இரண்டைத் தாண்ட வேண்டாம்.

மொழியைப் பொறுத்தவரை, நன்னடத்தைச் சான்றிதழ் நடை நம் கையில் ஊறியிருக்கிறது. ஒழுக்கமானவர், எதிர்கால முயற்சிகள் வெற்றிபெற வாழ்த்துகிறேன் என்றெல்லாம் தானாக வந்து விழும். எழுதி முடித்த பிறகு அவற்றைத் தேடி அடியுங்கள். எளிய, குட்டை வாக்கியங்களில் எழுதிய ஆங்கிலம் போதும். அது உங்கள் ஆங்கிலமாக இருப்பதுதான் முக்கியம்.

ஒரே மாணவர் எட்டு இடத்துக்கு விண்ணப்பிப்பார். எட்டுக் கடிதம் எழுத வேண்டியதில்லை. ஒரே கடிதம், கடைசிப் பத்தியில் மட்டும் மாற்றம். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரோடு இன்னொன்றுக்குப் போய்விடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. கோப்பின் பெயரிலேயே பல்கலைக்கழகப் பெயரைச் சேர்த்துவிட்டு, ஏற்றுவதற்கு முன் பிடிஎஃப்பைத் திறந்து ஒருமுறை பாருங்கள்.

கடிதத்தை ஏற்றுவது

மாணவர் விண்ணப்பத்தில் உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்ததும் உங்களுக்கு ஓர் இணைப்பு வரும். சில இடங்களில் மாணவர் விண்ணப்பத்தை முழுதாகச் சமர்ப்பித்த பிறகுதான் வரும். வரவில்லை என்றால் முதலில் ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள், அப்புறம் மாணவரிடம் சமர்ப்பித்துவிட்டாரா என்று கேளுங்கள். கல்லூரி மின்னஞ்சலையே கொடுக்கச் சொல்லுங்கள். சொந்த ஜிமெயிலை ஏற்காத இடங்கள் உண்டு, ஏற்றாலும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

அந்த இணைப்பை மாணவரிடம் கொடுத்து "நீயே ஏத்திடு" என்று சொல்லக்கூடாது. ஆசிரியர் பேரில் மாணவரே ஒரு மின்னஞ்சல் முகவரியைத் தொடங்கி, அதிலிருந்து ஏற்றுவதும் நடக்கிறது. தெரியவந்தால் கிடைத்த இடமும் போய்விடும், உங்கள் பெயரும் அதோடு சேர்ந்து கெடும்.

அமெரிக்க விண்ணப்பங்களில் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுத்தருகிறேனா இல்லையா என்று மாணவரிடம் கேட்பார்கள். 1974-ல் வந்த ஃபெர்பா என்ற சட்டத்தின்படி, சேர்ந்த பிறகு தன் கோப்பில் இருக்கும் கடிதத்தைப் பார்க்க மாணவருக்கு உரிமை உண்டு. பெரும்பாலோர் அதை விட்டுத்தருகிறார்கள். அப்போதுதான் ஆசிரியர் தயங்காமல் எழுதியிருப்பார் என்று படிப்பவர் நம்புவார். மாணவர் விட்டுத்தந்திருந்தால், கடிதத்தின் பிரதியை அவருக்குக் காட்டாமல் இருப்பதுதான் முறை. "என்ன எழுதினீங்க சார்?" என்று கேட்டால், எந்தச் சம்பவத்தை எழுதினேன் என்று மட்டும் சொல்வேன்.

கடைசித் தேதி டிசம்பர் 15 என்றால் அது பெரும்பாலும் அந்த ஊர் நேரத்தில் நள்ளிரவு வரை. அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம், அதனால் நம் கணக்கில் 16-ஆம் தேதி காலை பத்தரை வரை நேரம் இருக்கும். இந்தக் கணக்கை நம்பி நான் தள்ளிப்போட மாட்டேன். கல்லூரியில் அந்த நேரத்தில்தான் செமஸ்டர் தேர்வுப் பணி இருக்கும். நவம்பர் கடைசி வாரத்தில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஏற்றிவிட்டு, ஏற்றியாயிற்று என்று வரும் ஒப்புகை மின்னஞ்சலை மாணவருக்கு அனுப்பிவிடுவேன். கடிதத்தையும் அந்த மாணவரைப் பற்றிய நோட்டுப் பக்கங்களின் படத்தையும் அவர் பேரில் ஒரு ஃபோல்டரில் போட்டு வைக்கிறேன். இரண்டு வருடம் கழித்து பிஎச்டிக்கு விண்ணப்பிக்கும்போது மறுபடி வருவார்கள்.